ஜப்பானிலிருந்து வந்த பயோடேட்டா



காஞ்சிபுரம் வாசகி ஒருவர் செல்போனில் எடுத்த இரண்டு படங்களை அனுப்பியிருந்தார். கல்யாணமாகி இங்கே வந்திருக்கும் ஜப்பானிய மருமகளின் பயோடேட்டா. "ஒரகடத்துல ஒரு கம்பெனிக்கு நம்ம ஊர் முறையில எழுதித் தரணும். நடுவுல நாலு வருஷம் வேலையே பார்க்காத மாதிரி இருக்கே, என்ன சொல்றது?" என்று கேட்டிருந்தார்.

'ரிரெகிஷோ' எனப்படும் அந்தப் படிவம், நடுவில் மடிக்கும் ஒரே பெரிய தாள். படிப்பும் வேலையும் ஒரே அட்டவணையில், பழையது முதலாக இறங்கிவரும். இடப்பக்கம் இடம் போதாவிட்டால் வலப்பக்கத்தின் உச்சியில் தொடரும். அங்கேயும் ஆண்டு, மாதம் என்ற தலைப்பு வரி இருக்கும். வாசகி அனுப்பிய வலப்பக்கப் படத்தில் அந்தத் தலைப்பு வரியே இல்லை. மேல்பகுதி வெட்டுப்பட்டிருக்கிறது! மறுபடி எடுக்கச் சொன்னோம். விட்டுப்போன இரண்டு வரிகள் கிடைத்தன: ஹெய்செய் 28 ஏப்ரலில் சேர்ந்தார், ஹெய்செய் 30 மார்ச்சில் விலகினார்.

ஹெய்செய் ஆண்டோடு 1988-ஐக் கூட்டினால் நம் ஆண்டு. ரெய்வா என்றால் 2018-ஐக் கூட்ட வேண்டும். 2019 ஏப்ரல் வரை ஹெய்செய் 31, மே முதல் ரெய்வா 1. இரண்டும் ஒரே ஆண்டுதான். ஆக, 2016 முதல் 2018 வரை அவர் வேலையில்தான் இருந்திருக்கிறார். அடுத்து சேர்ந்தது ரெய்வா 2 ஏப்ரலில், அதாவது 2020-இல். நாலு வருஷ இடைவெளி இரண்டு வருஷமாகக் குறைந்துவிட்டது.

அந்த இரண்டு வருஷத்துக்குக் காரணம் படிவத்தில் இல்லை. 'சொந்தக் காரணங்களால் விலகல்' என்ற வரி, தானாக வேலையை விடும் எல்லோரும் அங்கே எழுதுவது. அதை வைத்து நாமாக ஒரு கதை கட்டக் கூடாது. மருமகளையே கேட்கச் சொன்னோம். கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டாராம். வேலைகளுக்கு நடுவே '2018 ஏப்ரல் – 2020 மார்ச்: குழந்தை வளர்ப்பு' என்று ஒரு வரி போதும். இடைவெளியை மறைக்கத் தேதிகளை இழுத்துவிட்டால், பணிச் சான்றிதழைக் கேட்கும்போது மாட்டிக்கொள்வார்.

மற்றபடி அட்டவணையை இரண்டாகப் பிரித்து, கடைசியாகப் பார்த்த வேலையை முதலில் போடுங்கள். உரிமங்கள், தகுதிகள் என்ற பகுதி நம் 'சான்றிதழ்கள்' ஆகும். 'விண்ணப்பிக்கும் காரணம்' என்பது முன்பு விண்ணப்பித்த கம்பெனிக்காக எழுதியது. அதை விட்டுவிட்டு, புதிதாக முகப்புக் கடிதத்தில் எழுதட்டும்.

ரிரெகிஷோவில் ஒரு வேலையைப் பற்றிப் பெரும்பாலும் சேர்ந்த மாதமும் விலகிய மாதமும்தான் இருக்கும். என்ன வேலை பார்த்தார் என்பது 'ஷோகுமு கெய்ரெகிஷோ' என்ற தனித் தாளில் இருக்கும். இங்கே முதலில் கேட்கப்போவது அதைத்தான். அந்தத் தாளையும் முழுதாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்