பக்கத்து வீட்டுச் சிலிண்டரும் நமது சரக்கும்

2021 நவம்பரில் சேலம் கருங்கல்பட்டியில் ஒரு வீட்டில் எரிவாயு கசிந்து வெடித்தபோது, அடுத்தடுத்த வீடுகளும் இடிந்தன, ஐவர் மாண்டனர். ஸ்ரீரங்கம் வீதிகளிலும் காந்தி மார்க்கெட் பக்கமும் ஒட்டுச்சுவரில் கடை வைத்திருக்கும் நாம் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துள்ள பொதுப் பொறுப்புக் காப்பீட்டில், உயிரிழந்தவருக்கு 6 லட்சம் ரூபாயும் காயமடைந்தவருக்குச் சிகிச்சைச் செலவும் உண்டு. அண்டை வீட்டாருக்கும் இது பொருந்தும். ஆனால் பொருட்சேதத்துக்கு உச்சவரம்பு 2 லட்சம்தான். அதுவும் இணைப்பு பதிவான வீட்டுக்கே. பக்கத்துக் கடையின் சுவருக்கும் சரக்குக்கும் அதில் இடமில்லை. வீட்டுக்காரர் மீது வழக்குப் போடலாம். அவரோ வீடிழந்து நிற்பார்.

ஆகவே வணிகர்கள் தத்தம் தீக் காப்பீட்டில் கட்டடமும் சரக்கும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளனவா, வெடிப்பும் அடங்குமா என்று பார்த்துக்கொள்வது அவசியம். பொருட்சேதத்தில் அயலாரையும் சேர்ப்பதே நியாயம். இதை எண்ணெய் நிறுவனங்களிடம் நமது சங்கம் வற்புறுத்த வேண்டும்.