‘பனி உண்டோ?’ என்று கேட்டால் ஜன்னலைப் பார்க்காதீங்க: மலையாளம் கற்கும் தமிழர்களை ஏமாற்றும் சொற்கள்

வீரசோழனில் இருந்து கொச்சிக்கு ஐ.டி. வேலைக்குப் போன என் சித்தி மகன், போன முதல் மாசமே காய்ச்சலில் படுத்துவிட்டான். காலையிலேயே லீவு சொல்லியாச்சு. மத்தியானம் டீம் லீட் போன் செய்து, ‘பனி உண்டோ?’ என்று கேட்டிருக்கிறார். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து ஆட்களுக்குப் பனி என்பது மார்கழி விடியலில் கொஞ்ச நேரம் எட்டிப் பார்க்கிற சமாச்சாரம். இவன் ஜன்னலைப் பார்த்துவிட்டு, ‘இல்ல சார், நல்ல வெயில்’ என்று சொல்லியிருக்கிறான்.

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். அவர் கேட்டது ‘காய்ச்சல் இருக்கா?’ என்று. இவன் சொன்னதில் ‘இல்ல’ வரைக்கும் அவருக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது. காய்ச்சல் என்று லீவு போட்டவன், அதே நாளில் காய்ச்சல் இல்லை என்கிறான். ஆளோ இன்னும் புரொபேஷனில் இருக்கிறான். மறுநாள் மருத்துவர் சீட்டைக் காட்டித்தான் சமாளிக்க வேண்டியிருந்தது.

‘மலையாளம்தானே, பாதி தமிழ்தான், ஒரு மாசத்துல வந்துடும்’ என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பாதி தெரியும் என்பதுதான் பிரச்சினையே. தெரியாத சொல் வந்தால் நாம் நிறுத்தி அர்த்தம் கேட்போம். தெரிந்த சொல் வேறு அர்த்தத்தில் வந்தால் கேட்கவே தோன்றாது.

இணையத்தில் தேடினால் ‘வெள்ளம்னா தண்ணி, பட்டின்னா நாய்’ என்று நிறைய பட்டியல்கள் கிடைக்கும். சிரிக்க நல்லா இருக்கும், ஆனால் இவை உண்மையில் பெரிய ஆபத்து இல்லாதவை. ஹோட்டலில் ஒருவர் ‘வெள்ளம் வேணோ?’ என்று கேட்டால், ஊருக்குள் வெள்ளம் வரப்போகிறது என்று யாரும் எழுந்து ஓடுவதில்லை. தவறான அர்த்தம் அந்த இடத்தில் பொருந்தாது, அதனால் மூளை தானாகவே திருத்திக்கொள்கிறது. ‘பனி உண்டோ’ அப்படி இல்லை. இரண்டு அர்த்தமும் அந்த வாக்கியத்தில் கச்சிதமாக உட்காருகிறது. இந்த ரகம்தான் ஆளைச் சாய்க்கும்.

ஒரே ‘அவசரம்’, மூன்று அர்த்தம்

இந்த ரகத்தில் முதல் இடம் ‘அவசரம்’ என்ற சொல்லுக்கு. மலையாளத்தில் இதற்கு வாய்ப்பு என்று பொருள். மேனேஜர் ‘இது நல்ல அவசரம்’ என்றால், பதறி லேப்டாப்பைத் திறக்க வேண்டாம். உங்களுக்கு ஒரு நல்ல சான்ஸ் வந்திருக்கிறது என்கிறார், அவ்வளவுதான். சம்ஸ்கிருதத்தில் இருந்து வந்த இந்தச் சொல்லை மலையாளம் மூலத்துக்கு நெருக்கமாகவே வைத்துக்கொண்டது. தமிழும் கன்னடமும் அதைப் பரபரப்பு என்ற பக்கம் தள்ளிவிட்டன. தெலுங்கில் அதே சொல்லுக்குத் ‘தேவை’ என்று பொருள். கரிசல் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் நிறைய. அந்த வீட்டுப் பிள்ளை கொச்சிக்குப் போனால், ஒரே சொல்லுக்கு மூன்று அர்த்தத்தைத் தலையில் சுமக்க வேண்டும்.

‘விரோதம்’ இன்னொன்று. ‘எனிக்கு விரோதமில்ல’ என்று ஒரு மலையாளி சொன்னால், ‘உன்மேல் எனக்குப் பகை இல்லை’ என்று அவர் சமாதானம் பேசவில்லை. ‘எனக்கு ஆட்சேபனை இல்லை’ என்கிறார்.

எங்கள் மாதிரி டெஸ்க்கில் உட்காருகிறவர்களுக்கு இன்னும் பெரிய குழி ‘ராஜி’. நம் ஊரில் இரண்டு தரப்பு சண்டை தீர்ந்தால் ‘ராஜி ஆயிட்டாங்க’ என்போம். மலையாளச் செய்தியில் ஓர் அமைச்சர் ‘ராஜி வச்சு’ என்று வந்தால், அவர் பதவியை விட்டுவிட்டார் என்று அர்த்தம். இதைச் சமரசம் என்று மொழிபெயர்த்தால் செய்தி அப்படியே தலைகீழாகும். வினோதம் என்னவென்றால், நமக்கும் ராஜினாமா என்றால் பதவி விலகல்தான். அரபியில் இருந்து பாரசீகம் வழியாக வந்த ‘ராஸி’க்குச் சம்மதம் என்று பொருள். 2018இல் வெளிவந்த ‘ராஸி’ இந்திப் படத்தின் பெயரும் அதே சொல்தான். ராஜிநாமா என்பது முதலில் சம்மதப் பத்திரம். நாம் ‘ராஜி’யைச் சமரசத்துக்கும் ‘ராஜினாமா’வை விலகலுக்கும் பிரித்துக்கொண்டோம். மலையாளம் அந்தச் சின்னச் சொல்லையே விலகலுக்கு வைத்துக்கொண்டது.

‘சார் எப்ப வரும்?’

சொற்களைக்கூட மனப்பாடம் செய்துவிடலாம். இலக்கணத்தில் இருக்கிற பொய் நண்பர்கள்தான் கண்ணுக்கே தெரிய மாட்டார்கள். தமிழில் வருவேன், வருவார், வரும் என்று ஆளுக்கு ஒரு விகுதி உண்டு. மலையாளம் பேச்சில் அதையெல்லாம் விட்டுவிட்டது. நான், நீ, சார், பஸ் எல்லோருக்கும் ‘வரும்’ ஒன்றுதான். மலையாளி நண்பர் தமிழில் பேசும்போது ‘சார் எப்ப வரும்?’ என்று கேட்பது இதனால்தான். நமக்கு அது மாட்டைக் கேட்கிற மாதிரி இருக்கும். அவர் மனதில் துளி மரியாதைக் குறைவும் இல்லை.

நம் பக்கத்தில் இருந்து இதே தவறு ‘நிங்ஙள்’ என்ற சொல்லில் நடக்கிறது. நமக்கு ‘நீங்க’ மரியாதை. அதை அப்படியே நிங்ஙள் ஆக்கி மேலதிகாரியிடம் பேசினால், கொஞ்சம் விறைப்பாகவோ சரிசமமாகவோ அவர் காதில் விழக்கூடும். அங்கே பெரியவர்களை முன்னிலைச் சொல்லால் கூப்பிடாமல் சார், சேட்டன், சேச்சி என்று உறவையோ பதவியையோ சொல்லிப் பேசுவதுதான் வழக்கம்.

சித்தி மகனுக்கு வாத்தியார், அவனோடு ரூமில் தங்கியிருந்த திருச்சூர்க்காரர். தமிழ்ப் படம் பார்த்தே தமிழ் பழகியவர். இப்படி ஒருவர் கிடைப்பது அதிர்ஷ்டம்தான். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘அவசரம்னா என்ன?’ என்று கேட்டால், ‘அவசரம்தான், தமிழ்லயும் அதே’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அவரும் அதே குழியில் எதிர்ப்பக்கத்தில் இருந்து விழுகிறார்.

அதனால் சொல்லுக்கு அர்த்தம் கேட்காதீர்கள். ‘இதை எப்போ, யார்கிட்ட சொல்லுவீங்க? நேத்து எங்கயாவது சொன்னீங்களா?’ என்று கேளுங்கள். ‘நேத்து இன்டர்வியூல எனக்கு ஒரு அவசரம் கிட்டி’ என்று அவர் சொல்லும்போது விஷயம் உடைந்துவிடும். தமிழில் நமக்குத் தோன்றுகிற அர்த்தத்துக்கு அவர்கள் என்ன சொல்வார்கள் என்று திருப்பியும் கேட்க வேண்டும். நம்ம பனிக்கு என்ன பேர் என்று அன்றே கேட்டிருந்தால், ‘மஞ்ஞு’ என்று பதில் வந்திருக்கும். அப்படியானால் ‘பனி’ வேறு எதற்கு என்ற அடுத்த கேள்வியும் தானாக வந்திருக்கும்.

சந்தேகம் வந்தால் பரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி இணையத்திலேயே கிடைக்கிறது. ஒரே வேரில் பிறந்த சொற்களைத் தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு என்று வரிசையாகத் தரும். பனிக்கு அதில் தமிழில் குளிர், நடுக்கம் என்ற அர்த்தங்களும் உண்டு. நடுக்கத்தில் இருந்து காய்ச்சலுக்கு எவ்வளவு தூரம்? ஆனால் அவசரம், விரோதம், ராஜி போன்ற இரவல் சொற்களுக்கு அதில் விளக்கம் தேடக் கூடாது. அதற்கு மலையாள அகராதியைத்தான் பார்க்க வேண்டும்.

போன லீவுக்கு அந்தத் திருச்சூர்க்காரர் வீரசோழனுக்கு வந்திருந்தார். வந்ததும் சித்தியிடம் ‘அங்கிள் எப்ப வரும்?’ என்று கேட்டார். சித்தி முகம் போன போக்கைப் பார்த்து, சித்தி மகன் தனியாகக் கூப்பிட்டு ‘வருவாங்கன்னு சொல்லணும்’ என்று பாடம் எடுத்தான். மறுநாள் ஊருக்குக் கிளம்பும்போது அவர் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: ‘அருப்புக்கோட்டை பஸ் எப்ப வருவாங்க?’