ரிப்போர்ட் எல்லாம் நார்மல்... ரத்தப்போக்கு மட்டும் ஏன் நிற்கவில்லை?

ராசிபுரம் பக்கத்தில் பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். வயதுக்கு வந்த நாளிலிருந்தே பீரியட்ஸ் எட்டு, ஒன்பது நாள்கள் நீடிக்கிறது. முதல் மூன்று நாள்கள் மணிக்கொரு நாப்கின். ஹீமோகுளோபின் 8. சின்ன வயதில் அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும். "சூட்டு உடம்பு" என்று நல்லெண்ணெய் தேய்த்துவிட்டதோடு சரி. அம்மாவுக்குப் பல் பிடுங்கியபோது இரண்டு நாள்கள் ரத்தம் கசிந்திருக்கிறது. கேட்டால் அம்மாயி, "எங்க பக்கம் எல்லாருக்கும் அப்படித்தான் கண்ணு" என்கிறார்.

டாக்டர் சோதனைகள் எழுதித் தருகிறார். தட்டணுக்கள் 2.6 லட்சம், நார்மல். பி.டி. 13 விநாடி, நார்மல். ஏ.பி.டி.டி. 33 விநாடி, அதுவும் நார்மல். ஸ்கேனிலும் கோளாறு இல்லை. இரும்புச்சத்து மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆய்வகம் தப்பு செய்யவில்லை, எண்கள் எல்லாம் சரிதான். ஆனால், இந்தப் பெண்ணுக்கு இருக்கக்கூடிய கோளாறை அந்த மூன்று சோதனைகளாலும் பிடிக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

அந்தக் கோளாறின் பெயர் வான் வில்லிபிராண்ட் நோய். பரம்பரையாக வரும் ரத்தக்கசிவு நோய்களில் பலரும் கேள்விப்பட்டிருப்பது ஹீமோபிலியா. ஆனால், அதைவிட அதிகம் காணப்படுவது இதுதான். ஆண், பெண் இருவருக்கும் வரும். மாதவிடாயும் பிரசவமும் இருப்பதால் பெண்களிடம்தான் அதிகம் வெளிப்படும்.

ரத்தம் எப்படி நிற்கிறது என்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். வரப்பில் நடந்துவிட்டு வந்தால் வேட்டி முழுக்க நாயுருவி ஒட்டியிருக்குமே, ரத்தத்திலும் அதுபோல ஒட்டும் தன்மையுள்ள ஒரு புரதம் இருக்கிறது. ரத்தக்குழாயின் உள்சுவர் அதைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. சாதாரண நேரத்தில் அது நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கும். குழாய் கிழிந்ததும் கிழிசலில் தெரியும் நாரைப் பிடித்துக்கொள்ளும். ஓடுகிற ரத்தத்தின் வேகம் இழுக்க, கண்டு பிரிந்து நீளும். அந்த நீண்ட இழையில் தட்டணுக்கள் வந்து ஒட்டி, முதல் அடைப்பு போடும். அதற்குப் பிறகுதான் ரத்தம் உறையும் வேலை நடந்து, அடைப்பு கெட்டிப்படும். இந்தப் புரதம் இன்னொரு வேலையும் செய்கிறது. எட்டாம் உறைகாரணி என்ற பொருளைத் தன்னோடு சேர்த்துக் காப்பாற்றி வைத்திருக்கும். புரதம் குறைந்தால் அந்தக் காரணியும் ஓரளவு குறையும்.

இப்போது மூன்று ரிப்போர்ட்டுக்கும் வருவோம். தட்டணு எண்ணிக்கை என்பது தலையெண்ணிக்கைதான். தட்டணுக்கள் ஒட்டுகின்றனவா என்பதை அது சொல்லாது. பி.டி., ஏ.பி.டி.டி. இரண்டுக்கும் ரத்தத்தைச் சுழலவிட்டு, தட்டணுக்களைப் பிரித்துவிட்டு, மேலே நிற்கும் மஞ்சள் பிளாஸ்மாவை மட்டும்தான் எடுக்கிறார்கள். அந்தக் குழாயில் கிழிந்த சுவர் கிடையாது, ஓட்டம் கிடையாது, ஒட்டவேண்டிய தட்டணுவும் கிடையாது. ஒட்டும் புரதம் தன் வேலையைக் காட்ட அங்கே இடமே இல்லை. ஏ.பி.டி.டி. மட்டும் எட்டாம் காரணி மூலமாகக் கொஞ்சம் துப்பு கொடுக்கலாம். ஆனால், அந்தக் காரணி சுமார் 30 - 40 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கினால்தான் அதில் நேரம் நீளும். நம் ராசிபுரம் பெண்ணுக்கு ஒட்டும் புரதம் 35 சதவிகிதம், எட்டாம் காரணி 60 சதவிகிதம் என்றால், ஏ.பி.டி.டி. நார்மலாகவே வரும்.

இந்த முரண்பாடு நோயோடு கூடவே பிறந்தது. 1924-ல் ஆலண்ட் தீவுகளிலிருந்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை ஹெல்சிங்கிக்குக் கொண்டுவந்தார்கள். அவள் குடும்பத்தில் பலருக்கும் ரத்தக்கசிவு. பரிசோதித்த ஃபின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட், தட்டணுக்கள் போதுமான அளவு இருப்பதையும், குழாயில் ரத்தம் உரிய நேரத்தில் உறைவதையும் பார்த்தார். காயத்தில் மட்டும் ரத்தம் நிற்கவில்லை. இது ஹீமோபிலியா இல்லை, வேறொன்று என்று 1926-ல் எழுதினார். அந்தச் சிறுமி வயதுக்கு வந்து, நான்காவது மாதவிடாயின்போது ரத்தப்போக்கால் இறந்துபோனாள். அப்போது அவளுக்கு வயது 13.

நோயைக் கண்டுபிடிக்கத் தனிச் சோதனைகள் உண்டு: ஒட்டும் புரதம் எவ்வளவு இருக்கிறது, அது எவ்வளவு வேலை செய்கிறது, எட்டாம் காரணி எவ்வளவு என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 30-க்குக் கீழே இருந்தால் நோய் உறுதி. 30-லிருந்து 50-க்குள் இருந்து, ரத்தக்கசிவுத் தொந்தரவும் இருந்தால், அதையும் நோயாகவே கணக்கில் எடுக்கச் சொல்கின்றன 2021-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல்கள்.

இங்கேயும் ஒரு கண்ணாமூச்சி இருக்கிறது. காய்ச்சல், பதற்றம், கர்ப்பம், ஓடியாடிய களைப்பு எல்லாமே இந்தப் புரதத்தை ஏற்றிக் காட்டும். ஊசியைப் பார்த்து அலறிய குழந்தைக்கும் ஏறும். ஹார்மோன் மாத்திரையும் ஏற்றலாம். ஓ குரூப் ரத்தம் உள்ளவர்களுக்கு இயல்பிலேயே கால்பங்கு குறைவு. அதனால் ஒருமுறை 58 என்று வந்தால் விட்டுவிடாமல், உடம்பு நன்றாக இருக்கும்போது மறுபடி பார்க்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கும். நாமக்கல்லில் எடுத்த ரத்தத்தைப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பும்போது, "வெயிலாச்சே" என்று ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டால் புரதம் குறைந்து காட்டும். இல்லாத நோய் இருப்பதுபோல் தெரியும். நீல மூடிக் குழாயில் கோடு வரை ரத்தம் நிரப்பி, சாதாரண அறை வெப்பத்தில் வைத்து, பிளாஸ்மாவைப் பிரித்த பிறகுதான் உறையவைத்து அனுப்ப வேண்டும். கேட்கத் தயங்காதீர்கள், ஆய்வகத்தில் இதைக் கேட்பது உங்கள் உரிமை.

சேலம், நாமக்கல் பக்கம் மாமன் மகள், அத்தை மகன் திருமணம் புதிதில்லை. இந்த நோயில் லேசான வகைக்குப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மரபணு வந்தால் போதும். மூன்றாம் வகையில் அந்தப் புரதம் ஏறக்குறைய இருக்கவே இருக்காது. அது வர இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வரவேண்டும். சொந்தத்தில் திருமணம் செய்யும்போது அதற்கான வாய்ப்பு கூடுகிறது. அப்பா, அம்மா இருவருக்கும் தொந்தரவே இருந்திருக்காது. குழந்தைக்கு மூட்டுக்குள்ளேயே ரத்தம் கசியும். இந்த வகைக்கு ஏ.பி.டி.டி.-யிலும் நேரம் நீண்டுவிடுவதால் ஹீமோபிலியா என்று தவறாக முத்திரை விழலாம். வேலூர் சி.எம்.சி. போன்ற ரத்தநோய்ப் பிரிவுகளில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பார்கள். பிரிப்பது அவசியம். ஹீமோபிலியாவுக்குப் போடும் எட்டாம் காரணி மருந்துகளில் சிலவற்றில் ஒட்டும் புரதமே இல்லை. இவர்களுக்கு அந்தப் புரதமும் சேர்ந்திருக்கும் மருந்துதான் வேண்டும்.

லேசான வகைக்கு அவ்வளவு பெரிய வைத்தியம் தேவைப்படாது. மாதவிடாய் நாள்களில் டாக்டர் சொல்லும் அளவில் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை, தேவைப்பட்டால் ஹார்மோன் மாத்திரை, கூடவே இரும்புச்சத்து. பல் பிடுங்கும் முன்போ அறுவைசிகிச்சைக்கு முன்போ டெஸ்மோபிரெசின் என்ற மருந்து, உடலில் சேமிப்பிலிருக்கும் புரதத்தை ரத்தத்தில் இறக்கிவிடும். எல்லோருக்கும் அது ஒரே மாதிரி வேலை செய்யாது என்பதால் முன்கூட்டியே ஒருமுறை கொடுத்துப் பார்ப்பார்கள். வலிக்கு ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் தவிர்க்கப்பட வேண்டும், பாராசிட்டமால் போதும்.

நோய் உறுதியானால் அம்மா, அக்கா, தம்பி எல்லோரும் சோதித்துக்கொள்ள வேண்டும். கல்யாணமான அக்காவை மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்கணும். கர்ப்பத்தில் புரதம் ஏறிவிடுவதால் பிரசவம் சுமுகமாகவே முடியலாம். அதற்குப் பிறகு அது பழைய அளவுக்கு இறங்கும். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்து, பத்து பதினைந்து நாள் கழித்து, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது ரத்தப்போக்கு திடீரென்று கூடலாம். "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி ஒருநாள்கூடக் காத்திருக்கக் கூடாது.