சில்லு மூக்கு

மே மாதம். நெய்வேலி டவுன்ஷிப்பில் உச்சி வெயிலில் கிரிக்கெட். எட்டு வயசுப் பையன் பந்து போட ஓடி வருகிறான். பாதியில் நின்று மூக்கைத் துடைக்கிறான். சட்டையெல்லாம் ரத்தம். அப்பா சுரங்கத்தில் டியூட்டி. அக்கா வீட்டுக்கு லீவில் வந்திருக்கும் மாமா, அதாவது நீங்கள்தான், பொறுப்பு. பாட்டி ஓடி வந்து, "அண்ணாந்து பாருடா கண்ணு!" என்கிறார்.

இந்த ஒரு விஷயத்தில் பாட்டி சொல்லைத் தட்டலாம். அண்ணாந்தால் ரத்தம் நிற்காது. தொண்டை வழியாக வயிற்றுக்குப் போகும். சற்று நேரத்தில் பையன் ரத்தமாக வாந்தி எடுப்பான். அதைப் பார்த்துப் பாட்டி மயங்கி விழுவார். உங்களுக்கு இரண்டு பேஷண்ட்!

ரத்தம் தலையிலிருந்து வரவில்லை சார். மூக்கின் நடுச்சுவரில், விரல் எட்டும் தூரத்தில், பல ரத்தக் குழாய்கள் வலை மாதிரி பின்னிக்கொண்டிருக்கின்றன. 1879-ல் லிட்டில் என்ற அமெரிக்க சர்ஜன் விவரித்ததால் அதற்கு 'லிட்டில்ஸ் ஏரியா' என்று பெயர். பெரும்பாலான மூக்கு ரத்தம் இங்கிருந்துதான். வறண்ட காற்றில் பொருக்குத் தட்டுகிறது. பையனின் விரல் சும்மா இருக்குமா?

உட்கார வைத்து முன்பக்கம் குனியச் சொல்லுங்கள். எலும்பை அமுக்கிப் பிரயோஜனமில்லை. அதற்குக் கீழே மெத்தென்று இருக்கும் பகுதியை இரு பக்கமும் சேர்த்து இறுக்கிப் பிடியுங்கள். மூச்சு வாயால். வாய்க்கு வரும் ரத்தத்தைத் துப்பட்டும். கடிகாரம் பார்த்து முழுசாகப் பத்து நிமிஷம். "நின்னுடுச்சா?" என்று நடுவில் கையை எடுத்தால் உறைந்தது பிய்ந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. நிற்கவில்லையா, இன்னொரு பத்து நிமிஷம். அதற்கும் மசியாவிட்டால் ஆஸ்பத்திரி.

எப்போதோ ஒரு தடவை வந்தால் டெஸ்ட் எதுவும் வேண்டாம். காய்ச்சல், ஈறில் ரத்தம், அடிபடாமலே கன்றிப்போன தழும்பு என்று துணைக்கு ஏதாவது இருந்தால் பிளேட்லெட் பார்க்க வேண்டும். டீன் ஏஜ் பையனுக்கு ஒரே பக்கம் மூக்கடைத்து அடிக்கடி ரத்தம் வந்தால், உள்ளே ரத்தக் குழாய்க் கட்டி இருக்கிறதா என்று ஈ.என்.டி. டாக்டர் பார்த்தே ஆகவேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் தாத்தாவுக்குத் தொண்டைப் பக்கமாக வழிந்தால், அது பின்புறக் குழாய். அமுக்கி நிற்காது, உடனே கிளம்புங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

திரும்பத் திரும்ப வந்தால் முதலில் களிம்பு. அதற்கும் கேட்காவிட்டால்தான் சுடுவது. பயப்படாதீர்கள், மரத்துப்போக மருந்து வைத்து, சில்வர் நைட்ரேட் குச்சியால் சில விநாடி தொடுவார்கள். ஒரு நாளில் ஒரு பக்கம்தான், மறுபக்கம் சில வாரம் கழித்து. நடுச்சுவரின் குருத்தெலும்புக்கு இரு பக்கத் தோலும்தான் சாப்பாடு போடுகிறது. ஒரே இடத்தில் இரு பக்கமும் சுட்டால் சுவரில் ஓட்டை விழலாம்.

இத்தனைக்கும் முன்னால் நகவெட்டி என்று ஒரு சாமான் உண்டு. விலையும் குறைச்சல்!