ஜன்னலடியில் மரத்தூள்: கரையானா, கட்டெறும்பா?

டொரன்டோவில் மகன் வீட்டுக்குப் போயிருந்த அந்த அம்மாதான் முதலில் கவனித்தார். ஏப்ரல் கடைசி. சமையலறை ஜன்னலுக்குக் கீழே ஒரு கைப்பிடி மரத்தூள். பெருக்கித் தள்ளினால் மறுநாள் காலையில் மறுபடியும் அதே இடத்தில் அதே குவியல்.

“கரையான் வச்சிடுச்சு போல. ஊர்ல நிலைப்படியே போன மாதிரி ஆயிடப் போகுது” என்றார் மருமகளிடம்.

“இந்த ஊர்லயும் கரையான் உண்டு, அத்தை. ஆனா இந்தக் கறுப்பு எறும்பைப் பாருங்க, ராத்திரி சிங்க் பக்கமே சுத்துது” என்றாள் மருமகள்.

இருவர் சொன்னதும் தவறில்லை. டொரன்டோவில் பல வீடுகளின் சுவர் மரச்சட்டம். அங்கே கரையானும் உண்டு, மரத்தில் கூடு வைக்கும் பெரிய கறுப்பு எறும்பும் உண்டு. இந்தத் தச்சு எறும்பு நம் ஊர் கட்டெறும்புக்கு நெருங்கிய சொந்தம். நம் கட்டெறும்பு பெரும்பாலும் மண்ணில் வளை தோண்டும். இது ஈரத்தில் ஊறி இளகிய மரத்தைக் குடையும். எது வந்திருக்கிறது என்று தெரியாமல் மருந்தடித்தால் பணம்தான் வீண்.

பூச்சி மருந்து அடிப்பவர் வந்தார். மருந்தை எடுக்கவில்லை, ஒரு வெள்ளைத் தாளில் அந்தத் தூளை அள்ளிப் பரப்பினார். சீவிய மரத்துருவலோடு செத்த எறும்புகளின் கால், தலைத் துண்டுகள் கலந்து கிடந்தன. “இது எறும்பு வேலை” என்றார். கரையானுக்கு மரமே உணவு, அதனால் இப்படித் துருவலைக் கொட்டாது. இந்த எறும்பு மரத்தைத் தின்பதில்லை. இனிப்பும் மற்ற பூச்சிகளும்தான் அதற்குச் சாப்பாடு. இருக்க இடம் வேண்டும் என்பதற்காகக் குடைந்து, குப்பையை வெளியே தள்ளுகிறது.

அடுத்து, சுவரோரம் மண் குழாய் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. அங்குள்ள கரையான் வெளிச்சத்துக்கு வராது. மண்ணால் மூடுபாதை கட்டித்தான் மேலே ஏறும். வெளிறிய, மென்மையான உடம்பு அதற்கு. எறும்போ கறுப்பாக, இடுப்பு ஒடுங்கி, திறந்த வெளியில் நடக்கும்.

குழப்பம் வருவது இறக்கை முளைக்கும்போதுதான். இரண்டு நாள் கழித்து ஜன்னல் கண்ணாடியில் இறக்கைப் பூச்சிகள் மொய்த்தன. “ஈசல்!” என்றார் அம்மா. ஈசல் என்பது கரையான்தான். அதன் நான்கு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பு தடித்திருக்கும், மீசை நேராக இருக்கும். அன்று வந்தவற்றில் முன் இறக்கை நீளம், பின் இறக்கை குட்டை, இடுப்பு ஒடுக்கம், மீசை முழங்கை போல் மடங்கியிருந்தது. எறும்பேதான். வீட்டுக்குள்ளேயே இறக்கை எறும்பு கூட்டமாகக் கிளம்பினால், கூடு வீட்டுக்குள் சில வருடமாவது இருந்திருக்கிறது என்று பொருள்.

மகன் ஸ்பிரே வாங்கக் கிளம்பினார். மருந்துக்காரர் தடுத்தார். வெளியே நடப்பவை இரை தேடும் எறும்புகள் மட்டும். அவை செத்தாலும் உள்ளே ராணி முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். இரவில் டார்ச் அடித்து எறும்புகள் போகும் வழியைப் பார்த்தார்கள். எல்லாம் ஜன்னல் சட்டத்தின் கீழ் மூலைக்கே போயின. அங்கே ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் ரொட்டியில் இறங்குவது போல் இறங்கியது. வெளிப்பக்கம் பூச்சு விரிந்து, மழைத்தண்ணீர் உள்ளே கசிந்திருந்தது.

தச்சர் சட்டத்தைப் பெயர்த்தார். உள்ளே உப்புத்தாள் போட்டு இழைத்தது போன்ற வழுவழுப்பான அறைகள். கரையான் குடைந்திருந்தால் உள்ளே மண் அப்பியிருக்கும். அறைகளில் முட்டையும் குட்டிப் புழுக்களும் ராணியும் இருந்தன. முட்டைக்கு ஈரம் வேண்டும், அதனால் தாய்க்கூடு ஈர மரத்தில்தான் இருக்கும். வளர்ந்த எறும்பும் கூட்டுப்புழுவும் மட்டும் கிடைத்திருந்தால் அது கிளைக்கூடு. அப்படியானால் தாய்க்கூட்டைப் பட்ட மரத்திலோ, பழைய அடிக்கட்டையிலோ, குளியலறைச் சுவரிலோ தேடவேண்டியிருக்கும்.

கூட்டில் மருந்துப் பொடி தூவி, இளகிய மரத்தை வெட்டியெடுத்து, காய்ந்த புது மரம் வைத்து, வெளிப்பூச்சை அடைத்தார்கள். சுவரை ஒட்டி அடுக்கியிருந்த விறகையும் தள்ளி வைத்தார்கள். கசிவை விட்டுவிட்டு எறும்பை மட்டும் கொன்றிருந்தால், அதே ஈரத்தைத் தேடி இன்னொரு ராணி வந்திருக்கும்.

ஒரு வாரம் அம்மா காலையில் எழுந்ததும் ஜன்னலடியைத்தான் பார்த்தார். தூள் விழவில்லை.