ஒரே முகவரியில் உட்கார்ந்திருக்கும் ரவுட்டர்கள்

இணைய இணைப்பு கொடுக்க வருகிறவர் சுவரில் ஆணி அடித்து ஒரு பெட்டியை மாட்டிவிட்டு, வைஃபை பாஸ்வேர்டை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். வேகம் குறைந்தால் போன் போட்டுச் சண்டை பிடிக்கிறோம். அந்தப் பெட்டிக்குள் என்ன ஓடுகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் உள்ளே ஓடுவது லினக்ஸ்தான், அதாவது ஒரு முழுக் கணினி. கணினிகளுக்கு இருபது ஆண்டுகளாகக் கிடைத்துவரும் சில காவல்கள் பல ரவுட்டர்களில் போடப்படுவதே இல்லை. தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய காவல்களும் அல்ல அவை.

அவை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2020இல் வெளியான ஒரு சம்பவம் போதும். நெட்கியர் நிறுவனத்தின் ஆர்7000 என்ற ரவுட்டரை கிரிம் நிறுவனத்தைச் சேர்ந்த ஆடம் நிக்கோல்ஸ் ஆராய்ந்தார். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தை பிரவுசரில் திறக்கிறோம் அல்லவா, அதை நமக்குக் காட்டும் நிரலின் பெயர் `httpd`. புதிய மென்பொருளை ஏற்றுவதற்கான கோப்பை வாங்கிக்கொள்வதும் அதுவே. அந்தக் கோப்பின் தலைப்பில் ஒரு நீள எண் இருக்கும். `httpd` அந்த எண்ணைச் சரிபார்க்காமல் அப்படியே நம்பி, அத்தனை பைட்டுகளையும் ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் ஒதுக்கிய சின்ன இடத்தில் நகலெடுத்தது. எண் பெரிதாக இருந்தால் நகல் வழிந்து பக்கத்து இடத்தையும் அழித்தெழுதும். பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்பே இது நடந்துவிடும் என்பது கூடுதல் கொடுமை.

பக்கத்து இடத்தில் இருப்பது சாதாரணச் சரக்கல்ல. ஒரு வேலையை முடித்ததும் நிரல் எங்கே திரும்பிப் போக வேண்டும் என்ற முகவரி அங்கேதான் இருக்கிறது. அதை அழித்துத் தன் விருப்பப்படி எழுதியவன் நிரலை எங்கு வேண்டுமானாலும் ஓட்டிக்கொண்டு போகலாம். அப்படி ஓட்டிப்போக அவனுக்கு ஓர் இடத்தின் முகவரி தெரிந்திருக்க வேண்டும். காவல்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் குறுக்கே நிற்கின்றன.

முதல் காவலின் பெயர் கேனரி. நிரல் தொடங்கும்போது எழும் ஒரு தற்செயல் எண்ணைத் திரும்பும் முகவரிக்கு முன்னால் வைத்துவிடுவார்கள். வழிந்து வருகிற நகல் அந்த எண்ணை அழிக்காமல் முகவரியைத் தொட முடியாது. எண் மாறியிருந்தால் நிரல் அங்கேயே தன்னை நிறுத்திக்கொள்ளும். இரண்டாவது காவல், ஸ்டாக்கில் கிடக்கும் எதையும் கட்டளையாக ஓட்டக் கூடாது என்று கெர்னல் போடும் தடை. மூன்றாவது, ஏஎஸ்எல்ஆர் என்கிற முகவரிக் கலைப்பு. நிரல் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அதன் பகுதிகளை கெர்னல் வேறு வேறு முகவரிகளில் வைக்கும். தினமும் பீரோவை இடம் மாற்றி வைக்கும் வீட்டில் இருட்டில் நுழைந்த திருடனின் நிலைதான் தாக்குகிறவனுக்கு. 2001இல் பாக்ஸ் என்ற குழு லினக்ஸுக்காக இதை எழுதியது. 2005இல் அது பொது லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது.

ஆர்7000இன் `httpd`வில் கேனரி இல்லை. முகவரிக் கலைப்புக்கு ஏற்றபடி அந்த நிரல் தயாரிக்கப்படவும் இல்லை. எனவே அது எப்போதும் ஒரே முகவரியில் உட்கார்ந்திருந்தது. அதன் உள்ளேயே ஸ்டாக்கில் இருக்கும் எழுத்துகளை எடுத்து `system` என்ற செயலிடம் கட்டளையாகக் கொடுக்கும் ஒரு துண்டு இருந்தது. நிக்கோல்ஸ் திரும்பும் முகவரியில் அந்தத் துண்டின் முகவரியையும், ஸ்டாக்கில் தான் ஓட்ட விரும்பிய வரியின் எழுத்துகளையும் எழுதினார். ஸ்டாக்கில் திணித்த எதையும் நேரடியாக ஓட்ட வேண்டிய அவசியமே இல்லாததால் இரண்டாவது காவல் இருந்தாலும் பயனில்லை. 8888ஆம் போர்ட்டில் பாஸ்வேர்டு கேட்காத ஒரு டெல்நெட் வாசல் திறந்தது, அதுவும் ரூட் அதிகாரத்தோடு. பெட்டிக்கு அவரே முதலாளி.

பிழை ஒரு மாடலோடு நிற்கவில்லை. 79 சாதனங்களில், 758 மென்பொருள் பதிப்புகளில் அது இருந்தது. மிகப் பழையது 2007ஆம் ஆண்டுப் பதிப்பு. என்னைக் கோபப்படுத்துவது வேறொரு விவரம். அத்தனை பதிப்புகளில் இரண்டே மாடல்களின் சில பதிப்புகளில் மட்டும் கேனரி இருந்தது, அவற்றில் இந்தத் தாக்குதல் நின்றுபோனது. அதே மாடல்களின் அடுத்த பதிப்புகளில் கேனரி காணாமல் போய், பழைய ஓட்டை மறுபடி திறந்துகொண்டது. வேண்டுமென்று எடுத்திருக்க மாட்டார்கள். ஒரு காவல் இருப்பதையோ இல்லாமல் போவதையோ யாரும் சரிபார்ப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இத்தனைக்கும் கேனரிக்கும் முகவரிக் கலைப்புக்கும் தர வேண்டிய விலை கம்பைலருக்குத் தரும் இந்தச் சில சொற்கள்:

```
gcc -fPIE -pie -fstack-protector-strong
```

முதல் இரண்டும் நிரலை எந்த முகவரியிலும் ஓடக்கூடியதாக ஆக்கும். கடைசிச் சொல் கேனரியைப் போடும். சின்ன பிராசசர், வேகம் குறைந்துவிடும் என்று காரணம் சொல்வார்கள். தன்னார்வலர்கள் நடத்தும் ஓபன்டபிள்யூஆர்டி இதே வகைப் பெட்டிகளில் ஓடுகிறது. அதைக் கட்டும்போது இந்த இரண்டையும் தெரிவு செய்ய வழி இருக்கிறது. அமைப்புப் பக்கத்தைக் காட்டும் ஒரு நிரல் மிகச் சிறிது மெதுவாவதால் எந்த வீட்டிலும் படம் நின்று நின்று ஓடப் போவதில்லை.

ரவுட்டரின் உள்ளே கட்டளை கொடுக்க வாய்ப்புள்ளவர்கள் தாங்களே பார்க்கலாம். பலர் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு ஏமாறுகிறார்கள்:

```
cat /proc/sys/kernel/randomize_va_space
cat /proc/$(pidof httpd)/maps
```

முதல் கட்டளைக்கு 2 என்று விடை வந்தால் கெர்னல் முழுக் கலைப்புக்குத் தயாராக இருக்கிறது என்று பொருள். ஆனால் கெர்னல் தயாராக இருந்தும், நிரல் அதற்கு ஏற்றபடி கட்டப்படவில்லை என்றால் அதன் முதன்மைப் பகுதி நகராது. ஆகவே இரண்டாவது கட்டளையைக் கொடுத்து, முதல் வரியின் முகவரியைக் குறித்துக்கொண்டு, ரவுட்டரை அணைத்துப் போட்டு மறுபடி பாருங்கள். பல எம்ஐபிஎஸ் பெட்டிகளில் இரண்டு முறையும் `00400000` என்றே நிற்கும். `[stack]` என்று முடியும் வரியில் `rwxp` என்று இருந்தால் ஸ்டாக்கில் கட்டளை ஓட்டத் தடையும் இல்லை; `rw-p` என்று இருக்க வேண்டும்.

அந்த `rwxp`வுக்கு ரவுட்டர் நிறுவனத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. 2018இல் சைபர்-ஐடிஎல் என்ற அமெரிக்க ஆய்வுக்குழு 28 ரவுட்டர்களைச் சோதித்தபோது எம்ஐபிஎஸ் லினக்ஸிலேயே ஒரு பழைய குறையைக் கண்டுபிடித்தது. தசமக் கணக்குக்குத் தனிச் சுற்று இல்லாத சிப்களில் அந்த வேலையை கெர்னல் செய்துகொடுக்கிறது. அப்போது சில கட்டளைகளை ஸ்டாக்கில் வைத்து ஓட்ட வேண்டியிருந்தது. அதற்காக ஸ்டாக்கின் தடையை 2001 முதல் 2016 வரை எடுத்தே வைத்திருந்தார்கள். 2016இல் திருத்தினார்கள். திருத்தத்தில் அந்த வேலைக்கென்று ஒதுக்கிய பக்கம், எழுதவும் ஓட்டவும் கூடியதாக, மாறாத முகவரியில் வந்து உட்கார்ந்தது. ஒரு ஓட்டையை அடைத்த சிமெண்டிலேயே இன்னொன்று. ஆய்வு வெளியான பிறகு அதையும் சரி செய்தார்கள். ஆனால் திருத்திய கெர்னல் நம் வீட்டுப் பெட்டிக்கு வந்தால்தானே பலன்? ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வகம் 2020இல் 127 ரவுட்டர்களைப் பார்த்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை 2.6.36 அல்லது அதற்கும் பழைய கெர்னலில் ஓடின. அந்த வரிசைக்குக் கடைசிப் பாதுகாப்புத் திருத்தம் 2011 பிப்ரவரியில் வந்தது.

காவல்களைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 32 பிட் பெட்டிகளில் கலைக்க இடம் குறைவு. 2004இலேயே ஹோவாவ் ஷாசமும் அவருடைய குழுவினரும் 16 பிட் கலைப்புள்ள ஒரு அபாச்சி சர்வரை முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்த்துச் சராசரியாக 216 விநாடிகளில் உடைத்துக் காட்டினார்கள். தவறான ஊகத்தால் விழுந்த ஒவ்வொரு துணைநிரலுக்கும் பதிலாக சர்வர் அதே முகவரிகளோடு புதிய ஒன்றை எழுப்பிக்கொண்டிருந்ததே காரணம். ரவுட்டரிலும் ஒரு நிரல் விழுந்தால் அடுத்த நொடியே எழுப்பிவிடும் காவல்நிரல் இருப்பது வழக்கம். தாக்குகிறவனுக்கு அது சலிக்காமல் வாய்ப்பு கொடுக்கிறது. பத்து முறை தொடர்ந்து விழுந்த `httpd`வைச் சில நிமிடம் எழுப்பாமல் வைத்து, விழுந்த செய்தியைப் பதிவேட்டிலும் எழுதச் சொல்ல வேண்டும். அப்போது 65,536 ஊகங்களை முடிக்க விநாடிகள் போதாது, நாள்கள் வேண்டும். யாரோ தட்டிக்கொண்டிருப்பது பதிவேட்டிலும் தெரிந்துவிடும்.

இதெல்லாம் வாங்குகிறவரின் கையில் இல்லை என்பதுதான் குறையின் வேர். பெட்டியைத் தேர்ந்தெடுப்பது இணைப்பு தரும் நிறுவனம். அதன் மென்பொருளை மாற்றும் அதிகாரமும் அவர்களிடமே பூட்டிக் கிடக்கிறது. எனக்கு இணைப்பு தந்த நிறுவனத்தின் உதவி மையத்தில், இந்த மாடலுக்கு எந்த ஆண்டுவரை பாதுகாப்புத் திருத்தம் வரும் என்று கேட்டேன். ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் சார் என்றார்கள்.

வேறு நாடுகள் கேட்க ஆரம்பித்துவிட்டன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எவ்வளவு காலம் பாதுகாப்புத் திருத்தம் தருவோம் என்று தயாரிப்பாளர் அறிவித்தே ஆக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தாங்குதிறன் சட்டம் 2027 டிசம்பரில் முழுமையாக அமலுக்கு வருகிறது. பிழை இருந்தாலும் அதைப் பயன்படுத்திக்கொள்வதைக் கடினமாக்கும் காவல்கள் சாதனத்தில் இருக்க வேண்டும் என்பதையே அது நிபந்தனையாக எழுதியிருக்கிறது.

நம்மிடம் அதற்கு ஆள் இல்லாமல் இல்லை. தொலைத்தொடர்புத் துறையின் கீழ் பெங்களூருவில் இயங்கும் தேசியத் தகவல்தொடர்புப் பாதுகாப்பு மையம் வைஃபை ரவுட்டர்களுக்கும் பாதுகாப்பு விதிகளை எழுதுகிறது. அந்த மையம் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. சான்றிதழ் கேட்டு வரும் ஒவ்வொரு ரவுட்டரின் மென்பொருளையும் பிரித்து, உள்ளே உள்ள ஒவ்வொரு நிரலிலும் கேனரி, ஸ்டாக் தடை, கலைப்புக்கேற்ற கட்டமைப்பு இருக்கிறதா என்று ஒரு கருவியை ஓட்டிப் பார்த்து, முடிவை மாடல் வாரியாக இணையத்தில் போடட்டும். முதல் பதிப்போடு நிறுத்தாமல் பின்வரும் பதிப்புகளையும் அவ்வப்போது சோதிக்கட்டும். நெட்கியரில் கேனரி காணாமல் போனது பின்வந்த பதிப்புகளில்தான். கெர்னலின் பதிப்பும் திருத்தம் நிற்கும் தேதியும் பெட்டியின் அடியில் அச்சாகட்டும். தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் தன் டெண்டர்களில் இந்த நிபந்தனைகளை எழுதினாலே, தயாரிப்பாளர்கள் தங்கள் கம்பைலர் வரியைத் திருத்திக்கொள்வார்கள்.

வாசகர்கள் மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான pgportal.gov.in-இல் தொலைத்தொடர்புத் துறையைத் தேர்ந்தெடுத்து மனு போடலாம். உங்கள் ரவுட்டரின் மாடல், மென்பொருள் பதிப்பு எண், கடைசியாகத் திருத்தம் வந்த தேதி ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு, இதன் நிரல்களில் முகவரிக் கலைப்பும் கேனரியும் இருக்கின்றனவா, எந்தத் தேதிவரை திருத்தம் வரும் என்று எழுத்தில் பதில் கேளுங்கள்.