மூன்றாவது ஆளின் காதுக்கு என்ன போய்ச் சேருகிறது?

தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றும் புழங்கும் சுற்றுலா மாநாடுகளில் மொழிபெயர்ப்பு சொதப்பினால், கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பவரைத்தான் உடனே திட்டுகிறோம். பாதிக் குற்றம் மேடையில் பேசுபவருடையது என்பது என் கருத்து. காரணம் சொல்கிறேன்.

தமிழிலிருந்து இந்திக்கு நேராகப் பெயர்த்துச் சொல்பவர்கள் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் தமிழ்க் கூண்டில் இருப்பவர் பேச்சை ஆங்கிலமாக்குவார். அடுத்த கூண்டில் இருப்பவர் அந்த ஆங்கிலத்தைக் கேட்டு இந்தியாக்குவார். இதைத்தான் ரிலே என்கிறார்கள். தமிழ் தெரியாத அந்த இரண்டாமவருக்கு ஆங்கிலத்தில் வந்ததுதான் பேச்சு. அதில் விட்டுப்போனதை அவரால் மீட்க முடியாது.

மறு திசையில் ஓர் உதாரணம் பாருங்கள். மாமல்லபுரத்துக்குப் பேருந்துகளில் ஆட்களை அழைத்துவரும் வடநாட்டு ஏற்பாட்டாளர் ஒருவர், "பார்க்கிங் கா கர்ச் ஹம் தேங்கே" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அது 'வீ வில் பே' ஆகிறது. இப்போது தமிழ்க் கூண்டில் இருப்பவர் 'நாங்கள்' என்பதா, 'நாம்' என்பதா? 'நாம்' என்று சொல்லிவிட்டால், பார்க்கிங் செலவில் தங்களுக்கும் பங்கு உண்டு போலிருக்கிறது என்று உள்ளூர் விடுதிக்காரர்கள் நினைப்பார்கள். தேநீர் இடைவேளையில் சண்டை வரும். இந்தியிலும் 'ஹம்' இரண்டுக்கும் பொதுதான். ஆனால் முன்பின் பேச்சை இந்தியிலேயே கேட்ட முதலாமவருக்கு அது யாரைக் குறிக்கிறது என்று தெரியும். அவர் 'வீ ஆபரேட்டர்ஸ்' என்று ஒரு சொல் கூட்டிச் சொன்னால் போதும். ரிலேயில் முதலாமவர் பார்வையாளருக்காக மட்டுமல்ல, அடுத்த கூண்டுக்காகவும் பேசுகிறார்.

இதெல்லாம் பேச்சாளர் ஒரே மொழியில் பேசும்வரைதான் சாத்தியம். தமிழில் தொடங்கியவர் பாதி வாக்கியத்தில் ஆங்கிலத்துக்குத் தாவினால் என்ன ஆகும்? ஆங்கிலமாக்கிக்கொண்டிருந்தவர் இனி தமிழாக்க வேண்டும். அதற்குப் பொத்தானை அழுத்தித் தன் குரல் போகும் சேனலை மாற்ற வேண்டும். இந்திக் கூண்டோ சக ஊழியரின் குரலை விட்டுவிட்டு மேடை ஒலியை நேராகக் கேட்க வேண்டும். பொத்தானை அழுத்த மறந்தால் ஆங்கிலச் சேனலில் தமிழ் ஓடும், இந்திக் கூண்டு வாயடைத்துப் போகும். ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கூண்டைத் திரும்பிப் பார்க்கும் ஆட்கள்தான் அதற்கு அடையாளம்.

மொழி மாறுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. நம் பேச்சு அப்படித்தான். ஆனால் தொடங்கிய வாக்கியத்தை அதே மொழியில் முடியுங்கள். "இனி ஆங்கிலத்தில் சொல்கிறேன்" என்று சொல்லி, ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு மாறுங்கள். மறந்தால் தலைவர் இடைமறித்து நினைவூட்டட்டும். நேரம் முடிந்தால் மட்டும் மணி அடிக்கத் தெரிகிறதே, இதற்கும் அடிக்கலாம்.